புது பஸ் வருது: தலைவர் பேச்சில் "எவ்வளவு நேரம் மிச்சம்" என்று சொல்வது எப்படி?

மேல்பிரிவு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ராகலை – வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டம், மூன்று பிரிவு. மேல்பிரிவிலிருந்து டவுனுக்கு இ.போ.ச. பஸ் ஒன்று அடுத்த மாதம் ஓடப்போகிறது. காலையில் ஒரு இறக்கம், பகலில் ஒரு ஏற்றம், பின்னேரம் ஒரு ஏற்றம். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் கோயில் முன்றலில் கூட்டம் போட்டு அறிவிக்கிறார். பேச்சை எழுதித் தரும் வேலை என் தலையில்.

ஒருவர் கொடுத்த நகலில் இப்படி இருக்கிறது: "இந்தப் பஸ்ஸால் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் தினமும் 2 மணித்தியாலம் மிச்சம். 53 மாணவர்களுக்கும் கூட்டினால் நாளொன்றுக்கு 106 மணித்தியாலம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு இடிக்கிறது. இது சரியா?

விவரம்: மேல்பிரிவிலிருந்து மெயின் ரோட்டுச் சந்திக்குக் குறுக்குவழி 2.4 கிலோமீட்டர், உயர வித்தியாசம் ஏறக்குறைய 240 மீட்டர். பஸ் போகிற தோட்ட ரோடு 6 கிலோமீட்டர். சந்தியிலிருந்து டவுன் 9 கிலோமீட்டர், பஸ்ஸில் 25 நிமிஷம். பாடசாலை மணி 7.30, விடுவது 1.30. பஸ் மேலே இருந்து 6.20க்குப் புறப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

---

மலைக்காற்று

முதலில் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம், பிறகு டிப்போவுக்கு ஒரு கடிதம், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் பாடசாலை அதிபரின் சிபாரிசையும் சேர்த்துக் கொடுங்க. தனியார் பஸ் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம் வழித்தட அனுமதி வாங்கணும். ரோடு தோட்டத்துக்குச் சொந்தமா, பிரதேச சபைக்குச் சொந்தமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்க. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தின பிறகு சபைக் காசைத் தோட்ட ரோட்டுக்கும் செலவழிக்கலாம்.

---

மேல்பிரிவு

நன்றி அண்ணே, ஆனா பஸ் கிடைச்சாச்சு. நான் கேட்பது பேச்சில் என்ன எண்ணைச் சொல்வது என்று.

---

கணக்கப்புள்ள

எளிய கணக்குதான். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் பாதிதான் சராசரிக் காத்திருப்பு. மெயின் ரோட்டில் 20 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால் 10 நிமிஷம். நடக்கிற நேரத்தோடு அதைக் கூட்டுங்க, புது பஸ் ஓடும் நேரத்தைக் கழியுங்க, மிச்சம் வந்துவிடும். 2 மணித்தியாலம் அப்படித்தான் வந்திருக்கும்.

---

டைம்கீப்பர்

கணக்கப்புள்ள சொன்ன பாதி இடைவெளி, பஸ் அடிக்கடி வருகிற ரோட்டுக்குத்தான் பொருந்தும். அங்கே நேரம் பார்க்காமல் போய் நிற்பாங்க. நாளைக்கு மூன்று தடவை ஓடுகிற பஸ்ஸுக்கு எவரும் அப்படிப் போக மாட்டாங்க, நேரம் தெரிந்துதான் வீட்டை விட்டுக் கிளம்புவாங்க. அங்கே காத்திருப்பைத் தீர்மானிப்பது இடைவெளி அல்ல, பயம். "இவன் ஐந்து நிமிஷம் முந்திப் போயிருவானோ" என்ற பயம் இருந்தால் பதினைந்து நிமிஷம் முன்னாடியே வந்து நிற்பாங்க. முந்திப் போகவே மாட்டான் என்று தெரிந்தால் ஐந்து நிமிஷம் போதும். பிந்தி வருவதை ஊர் மன்னிக்கும், முந்திப் போவதை மன்னிக்காது. டிரைவரிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

இனி அந்த 2 மணித்தியாலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 6 கிலோமீட்டரை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 72 நிமிஷம். ஏறும்போது மலை ஏறுபவர்களின் பழைய கணக்குப்படி ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டும். 240 மீட்டருக்கு 24 நிமிஷம், ஆக 96. போக வர 168 நிமிஷம். பஸ் இறங்க 24, ஏற 30 என்று 54ஐக் கழித்தால் 114. அதைத்தான் "2 மணித்தியாலம்" ஆக்கியிருக்காங்க.

தப்பு எங்கே தெரியுதா? அந்த 6 கிலோமீட்டரை யாரும் நடப்பதில்லை. எல்லாரும் குறுக்குவழியால் போறாங்க. யாரும் போகாத பாதையோடு பஸ்ஸை ஒப்பிட்டால் எந்த பஸ்ஸும் பெரிய பஸ்தான்.

---

மேல்பிரிவு

அப்போ குறுக்குவழியை வைத்துக் கணக்குப் போட்டால்?

---

டைம்கீப்பர்

பொறுமையாகப் பார்ப்போம், ஒரே பிள்ளையை எடுத்துக்கொண்டு. மேல்பிரிவுப் பிள்ளை.

இப்போது: 5.45க்கு வீட்டிலிருந்து கிளம்புது. குறுக்குவழி இறக்கம் 2.4 கிலோமீட்டர், தட்டையாக இருந்தால் 29 நிமிஷம். ஈரப் படிக்கட்டு, இருட்டு, புத்தகப் பை எல்லாம் சேர்த்து 35. சந்தியில் 6.20. மெயின் ரோட்டு பஸ் 6.40 என்று வைத்துக்கொள்வோம். டவுனில் 7.05, பாடசாலை வாசலில் 7.15.

புது பஸ்: 6.20க்கு மேலே கிளம்பினால், ஓட்டம் 24 நிமிஷம், ஆள் ஏற்ற 4 நிமிஷம், சந்தியில் 6.48. டவுன் 7.13. வாசலில் 7.23. மணி அடிக்க 7 நிமிஷம்தான் கையிருப்பு. பனிமூட்டம் இறங்கின நாளில் அந்த 6 கிலோமீட்டரிலேயே 10 நிமிஷம் போயிரும். வளைவு ஏதாவது ஒன்றில் ஒரேயடியாகத் திருப்ப முடியாமல் பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நிமிஷம். மாதத்தில் எத்தனை நாள் பிள்ளைகள் பிந்தும் என்று நீங்களே யோசியுங்க.

அதனால் புறப்படும் நேரத்தை 6.10 ஆக்கச் சொல்லுங்க. சந்தி 6.38, டவுன் 7.03, வாசல் 7.13. பிள்ளை 6.00க்கு வீட்டை விட்டால் போதும். இப்போது 5.45. காலை மிச்சம் வெறும் 15 நிமிஷம்.

பகல்: இப்போது 1.50 பஸ், சந்தியில் 2.15. குறுக்குவழி ஏற்றம் 29ம் 24ம் 53, பையோடு ஒரு மணித்தியாலம் என்று வைங்க. வீட்டில் 3.15. புது பஸ் 1.50க்கு டவுனிலிருந்து கிளம்பி, சந்தி 2.15, மேலே 2.45, வீட்டில் 2.50. மிச்சம் 25.

மொத்தம் நாளைக்கு 40 நிமிஷம். ஐந்து நாளுக்கு 3 மணித்தியாலம் 20 நிமிஷம். இதில் பெரிய பங்கு ஏற்றத்தில்தான் என்பதைக் கவனியுங்க. இறக்கத்தில் பஸ்ஸும் காலும் ஏறக்குறைய சமம். 24 நிமிஷத்துக்கும் 35 நிமிஷத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? மலையில் பஸ் ஏற்றத்துக்குத்தான்.

---

மடுவத்தடி

நிமிஷத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மழைக்காலத்தில் குறுக்குவழியில் இறங்கின பிள்ளை டவுனுக்குப் போகும்போது வெள்ளைச் சீருடையில் முழங்கால் வரை சேறு, காலில் அட்டை. 6.40 பஸ் மெயின் ரோட்டில் மேலிருந்தே நிறைந்து வருகிறது. சந்தியில் நிற்காமல் போனால் அடுத்தது 7 மணி, அன்றைக்குப் பிந்தல்தான். இது எந்தச் சராசரியிலும் வராது. இருட்டில் பொம்பளப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப முடியாமல் அம்மாவும் சந்தி வரைக்கும் இறங்கி, திரும்ப மேலே ஏறி, அதன் பிறகு பிரட்டுக்களத்துக்கு ஓடுகிறார். அந்த அம்மாவின் நேரத்தை யார் கணக்குப் போட்டது?

---

டைம்கீப்பர்

அக்கா சொன்னது சரி, நான் விட்டது பெரிய விஷயம். அம்மா இறங்க 35, ஏற சுமையில்லாமல் 53, சேர்த்து 88 நிமிஷம். பிள்ளைக்கு 40, அம்மாவுக்கு 88! மேல்பிரிவில் எத்தனை வீட்டில் இப்படிக் கூடப் போறாங்க என்று எண்ணிப் பாருங்க தம்பி. பேச்சில் பிள்ளையை விட இதைச் சொன்னால்தான் முன்வரிசையில் இருக்கிறவங்க தலையாட்டுவாங்க.

---

கணக்கப்புள்ள

சரி, பாதி இடைவெளியை விட்டுட்டேன். ஆனால் 53 பிள்ளைகளுக்கு 40 நிமிஷம் என்றால் 35 மணித்தியாலம் வருதே. அதையாவது சொல்லலாமே?

---

டைம்கீப்பர்

53ல் மேல்பிரிவு எத்தனை?

---

மேல்பிரிவு

மேல் 22, நடு 17, கீழ் 14.

---

டைம்கீப்பர்

கீழ்ப்பிரிவுப் பிள்ளை சந்திக்குப் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். அதற்கு இந்த பஸ்ஸால் ஐந்து நிமிஷம் மிஞ்சினாலே அதிகம். நடுப்பிரிவு எங்கோ நடுவில். ஆக 22 பேருக்குத்தான் 40 நிமிஷம், 880 நிமிஷம், பதினாலே முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 106 என்று தலைவர் சொல்லிவிட்டு, கூட்டத்தில் இருக்கிற கீழ்ப்பிரிவு ஆள் "எனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டால் என்ன பதில்? ஊர்க் கூட்டல் கணக்கே வேண்டாம். யாரும் 14 மணித்தியாலத்தை மொத்தமாக வாங்கிச் சட்டைப் பையில் போட மாட்டாங்க.

இன்னொன்று. குட்டி பஸ் என்றால் 29 இருக்கை. நடுப்பிரிவு ஏறும்போதே 39 பேர். கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் நின்றபடிதான், சந்தியில் நிற்கிற மற்ற ஆட்களுக்கு இடமே இருக்காது. எத்தனை இருக்கை பஸ் வருகிறது என்று தெரியாமல் "எல்லாருக்கும்" என்ற சொல்லைப் பேச்சில் போடாதீங்க. 2025 மே 11இல் கொத்மலை கெரண்டியெல்லயில் இ.போ.ச. பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனாங்க. அளவுக்கு மேல் ஆள் ஏறினதும் அப்போது பேசப்பட்டது. மலை ரோட்டில் நிறைந்த பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டச் சொல்லி நெருக்குவது நாமே ஆபத்தைக் கூப்பிடுவது. அதுக்காகவும்தான் 6.20 வேண்டாம், 6.10 என்கிறேன்.

---

வெள்ளைச்சீருடை

நான் டவுன் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். மூன்று விஷயத்தைப் பேச்சில் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்க.

முதலாவது, பஸ் இ.போ.ச. என்று உறுதியா? ஏன் கேட்கிறேன் என்றால், மாணவர் சீசன் இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும், தனியார் பஸ்ஸில் செல்லாது. இப்போது மெயின் ரோட்டில் தனியார் பஸ்ஸில் காசு கொடுத்து வருகிற பிள்ளைகள் இனி சீசன் எடுக்கலாம். அதிபர் கையெழுத்து வேண்டும், அதனால் பஸ் தொடங்கும் நாளுக்கு முன்பே பிள்ளைகள் கேட்டு எடுக்கணும். தொடங்கிய பிறகு கேட்டால் முதல் வாரம் முழுக்கக் காசுதான்.

இரண்டாவது, 1.50 பஸ். 1.30க்கு விட்டால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் பிடிச்சிருவாங்க. சாதாரண தர வகுப்புக்குப் பின்னேர வகுப்பு இருக்கும் நாட்களில் 1.50ஐத் தவற விட்டால், அடுத்த ஏற்றம் எப்போது?

---

மேல்பிரிவு

டீச்சர், 5.30. டவுனிலிருந்து.

---

வெள்ளைச்சீருடை

அப்போ 3 மணிக்கு வகுப்பு முடிகிற பிள்ளைக்கு இந்த பஸ்ஸால் ஒரு மிச்சமும் இல்லை. முன்போலவே மெயின் ரோட்டு பஸ்ஸில் வந்து குறுக்குவழியில் ஏறினால் 4.30க்குள் வீட்டில் இருக்கும். 5.30 பஸ்ஸுக்குக் காத்திருந்தால் 6.30. அப்படிப் பட்ட பிள்ளைகளுக்கு "பஸ் வந்திருச்சு, காத்திருந்து வா" என்று பெற்றோர் சொல்லிவிடுவார்கள். பஸ் வந்த பிறகு பிள்ளை வீட்டுக்குப் பிந்தி வருவது நடக்கும், ஆகவே அதையும் சொல்லுங்க.

மூன்றாவது விஷயத்தை டைம்கீப்பர் அண்ணன் சொல்லிவிட்டார், 6.10 தான் சரி.

---

லீக்ஸ்காரன்

விவசாயிக்கு 2 மணித்தியாலம் என்று எழுதினவர் மரக்கறி போட்டவர் இல்லை, நிச்சயம்.

கோவா, லீக்ஸ், கரட் எதையும் பஸ்ஸில் கொண்டுபோவதில்லை. பின்னேரம் பிடுங்கிக் கழுவிக் கட்டி மூட்டை போட்டு ரோட்டு ஓரத்தில் அடுக்கினால் லொறி வந்து எடுக்கும், ராத்திரியோடு தம்புள்ளைக்குப் போகும். மூட்டை 50 கிலோ வரைக்கும் வரும், அப்படி பத்து மூட்டை இருந்தால் எந்த பஸ்ஸில் ஏற்றுவது? கண்டக்டர் ஒரு மூட்டைக்குத் தலையாட்டினாலும் பிள்ளைகள் ஏற இடம் இருக்காது.

எங்களுக்குப் பஸ் எதற்கு வேண்டும் என்றால், கமநல சேவை நிலையத்துக்குப் போக, விதைக் கிழங்கு, மருந்து, உரம் வாங்க, பேங்குக்குப் போக. இதெல்லாம் 8.30க்கு முன்னாடி திறக்காது.

---

டைம்கீப்பர்

அருமை. அப்படியானால் விவசாயிக்கும் அதே மாதிரி நேரத்தை எழுதிப் பார்ப்போம்.

இப்போது: 7.30க்குக் கிளம்பி, குறுக்குவழியில் 8.05 சந்தி, 8.15 பஸ், 8.40 டவுன். ஒரு மணித்தியாலம் வேலை, 9.50 பஸ், சந்தி 10.15. சுமையோடு ஏற ஒன்றேகால் மணித்தியாலம், வீட்டில் 11.30. மொத்தம் 4 மணித்தியாலம் வெளியே.

புது பஸ்ஸிலேயே போய் புது பஸ்ஸிலேயே வந்தால்: 6.10க்கு ஏறி 7.03க்கு டவுன். 8.30 வரை சும்மா நிற்கணும். 9.30க்கு வேலை முடியும். ஏற்றம் 1.50க்குத்தான், வீட்டில் 2.50. காலை ஆறு மணியிலிருந்து ஏறக்குறைய 9 மணித்தியாலம். 2 மணித்தியாலம் மிச்சம் இல்லை, 5 மணித்தியாலம் நட்டம்!

விவசாயிக்கு உதவுவது ஒரே ஒரு ஓட்டம்: காலை 10.00க்கு டவுனிலிருந்து மேலே போகிற ஏற்றம். இறங்கும்போது குறுக்குவழியில் நடந்து போங்க, அது லேசு. வேலை முடிந்து 10 மணி பஸ்ஸில் ஏறினால் சந்தி 10.25, மேலே 10.55, வீட்டில் 11. அரை மணித்தியாலம் மிச்சம், தலைச்சுமையும் இல்லை. அதை டிப்போவிடம் கேளுங்க.

---

கணக்கப்புள்ள

பத்து மணிக்கு மேலே போகிற பஸ் காலியாகத்தான் போகும். திரும்ப 11.10க்கு இறங்கும்போதும் காலி. டவுனிலிருந்து மேல்பிரிவு 15 கிலோமீட்டர், போக வர 30. மலையில் லீட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தால் 10 லீட்டர் டீசல். நாலு விவசாயி டிக்கெட்டில் அது வராது.

---

டைம்கீப்பர்

இந்தத் தடவை நீங்க சொன்னது முழுச் சரி. அதனால் தினமும் கேட்காதீங்க. கிழமைக்கு இரண்டு நாள், கமநல நிலையத்துக்கு ஆட்கள் அதிகம் போகிற நாளாகப் பார்த்துக் கேளுங்க. லீக்ஸ்காரன் அண்ணே, எந்த நாள்?

---

லீக்ஸ்காரன்

ஆளுக்கு ஒரு நாள் சொல்வாங்க. உரம் வருகிற நாளில் எல்லாரும் போவாங்க, அது முன்கூட்டித் தெரியாது. இன்னொன்று: மருந்துப் போத்தலை, ஸ்பிரேயரைப் பிள்ளைகள் இருக்கிற பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று தலைவரே சொல்லிவிட்டால் நல்லது. கண்டக்டர் சொன்னால் சண்டை வரும்.

---

மலைக்காற்று

பஸ் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படாதீங்க. நம்ம பக்கத்தில் ஒரு பிரிவுக்கு இப்படித்தான் மாலை போட்டு பஸ் விட்டாங்க, நாலு மாதத்தில் நின்று போச்சு. காரணம் கேட்டால் ஆள் இல்லை என்றாங்க. தெரிந்த காரணம், காலையில் டிப்போவிலிருந்து காலியாக மேலே ஏறி வரணும். டிரைவர் குறைகிற நாளில் முதலில் வெட்டுவது அந்த ஓட்டத்தைத்தான். உங்க பஸ் ராத்திரி எங்கே நிற்கும்?

---

டைம்கீப்பர்

இதுவரை வந்ததிலேயே இதுதான் முக்கியமான கேள்வி. 6.10க்கு மேலிருந்து கிளம்ப, பஸ் ஒன்றில் டிப்போவிலிருந்து 5 மணி போலக் கிளம்பிக் காலியாக ஏறி வரணும், அல்லது முந்தின நாள் 5.30 ஏற்றத்தில் வந்து மேலேயே ராத்திரி தங்கணும். இரண்டாவது என்றால் காலை ஓட்டத்தை யாரும் இலேசில் வெட்ட முடியாது, பஸ்தான் மேலே இருக்கிறதே. உங்களுக்கு ஏற்கனவே 5.30 ஏற்றம் இருக்கு, ஆக அது தங்கலுக்காகவே போட்டதாக இருக்கலாம். கேட்டு உறுதிப்படுத்துங்க.

தங்கல் என்றால் ஊர் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. சரிவில்லாத இடம் வேண்டும், மண்மேட்டுக்கு அடியில் கூடாது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பூட்டு உள்ள ஒரு அறை, மலசலகூடம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு வழி. காலையில் ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர்க் குழாய் பக்கத்தில். இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு மாதத்தில் "தங்க முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிடுவாங்க, அவங்க மேல் தப்புச் சொல்ல முடியாது. பஸ் திரும்பும் இடத்தையும் பாருங்க. விறகு அடுக்கி, ஆட்டோ நிறுத்தி வைத்தால் காலையில் இருட்டில் திருப்ப முடியாது.

---

மேல்பிரிவு

கேட்டேன். தங்கல்தான் என்கிறார்கள். அறை பற்றி யாரும் யோசிக்கவில்லை. பழைய பிள்ளை மடுவக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கு, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கணும். 6.10க்கு டிப்போ ஒத்துக்கொண்டது. 10 மணி ஏற்றத்துக்கு "பார்ப்போம்" என்றுதான் பதில்.

இதுவரைக்கும் பேசினதை வைத்து எழுதின பேச்சு இது. பார்த்துத் திருத்துங்க.

"எல்லாருக்கும் வணக்கம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து மேல்பிரிவுக்கு இ.போ.ச. பஸ் ஓடும். காலை 6.10க்கு மேல்பிரிவுக் கோயிலடியில் புறப்படும். அடுத்தது நடுப்பிரிவு மடுவம், அதற்கடுத்து கீழ்ப்பிரிவுப் பாலம். வேறு எங்கும் நிற்காது. 7.03க்கு டவுனில் இருக்கும். திரும்பி வருவது 1.50க்கும் 5.30க்கும். 5.30 தான் கடைசி பஸ்.

மேல்பிரிவுப் பிள்ளை இனி 5.45க்குப் பதிலாக 6 மணிக்கு வீட்டை விட்டால் போதும். பின்னேரம் 3.15க்கு வந்த பிள்ளை 2.50க்கு வீட்டில் இருக்கும். இருட்டில் சந்தி வரைக்கும் பிள்ளையோடு இறங்கி ஏறுகிற அம்மாமாருக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் மிச்சம். கீழ்ப்பிரிவுக்கு நேரத்தில் பெரிய மிச்சம் இல்லை, ஆனால் சந்தியில் பஸ் நிற்காமல் போகும் தொல்லை இல்லை.

பின்னேர வகுப்பு உள்ள பிள்ளைகள் 5.30 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முன்போல மெயின் ரோட்டு பஸ்ஸில் வந்துவிடுங்க. சீசன் வேண்டியவங்க இந்தக் கிழமையே அதிபரிடம் கேளுங்க.

விவசாயிமாருக்கு உண்மையைச் சொல்லணும். இந்த நேரங்கள் உங்களுக்குப் பொருந்தாது. காலை 10 மணிக்கு டவுனிலிருந்து மேலே ஒரு ஏற்றம் கேட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. மரக்கறி மூட்டையும் மருந்துப் போத்தலும் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்."

---

மடுவத்தடி

நல்லா இருக்கு. ஆனா ஒரு தடவை சொன்னால் யாருக்கும் நேரம் மனசில் நிற்காது. புறப்படும் நேரத்தைத் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. பெரிய எழுத்தில் எழுதி மூன்று மடுவத்திலும் பிரட்டுக்களத்திலும் ஒட்டுங்க. கூட்டத்துக்கு வராதவங்கதான் முதல் நாள் பஸ்ஸைத் தவற விடுவாங்க.

"அம்மாமாருக்கு ஒன்றரை மணித்தியாலம்" என்பதில் எனக்குச் சந்தேகம். சின்ன வகுப்புப் பிள்ளையைத் தனியாகப் பஸ்ஸில் விட மாட்டாங்க, டவுன் வரைக்கும் கூடப் போறவங்களும் இருக்காங்க.

---

கணக்கப்புள்ள

ஒரு சின்ன ஆட்சேபணை. "7.03" என்று சொல்லாதீங்க. 7.06க்கு வந்தால் பொய் சொன்னதாகிவிடும். "7 மணி கழித்து ஐந்து நிமிஷம் போல" என்று சொல்லுங்க.

---

டைம்கீப்பர்

ஒத்துக்கொள்கிறேன். புறப்படும் நேரம் நிமிஷக் கணக்கில், சேரும் நேரம் ஏறக்குறைய. புறப்படுவது நம்ம கையில் இருக்கு, சேர்வது ரோட்டின் கையில். மழைக்கு மண் சரிந்தால் பஸ் எங்கே வரைக்கும் வரும், சந்தியிலிருந்தா, நடுப்பிரிவிலிருந்தா, அதை யார் எப்போது பிள்ளைகளுக்குச் சொல்வது என்பதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. பேச்சில் சேர்க்காவிட்டாலும் சங்கத்தில் பேசிவையுங்க.

விவசாயிப் பகுதியைத் தலைவர் வாசிப்பாரா?

---

மேல்பிரிவு

அதுதான் இழுபறி. "மாலை போடுகிற கூட்டத்தில் கிடைக்காததை ஏன் சொல்வது" என்கிறார். 2 மணித்தியாலத்தை எடுத்துவிட ஒத்துக்கொண்டார். 10 மணி ஏற்றம் பற்றிய வரியை வெட்டச் சொல்கிறார்.

---

லீக்ஸ்காரன்

வெட்டினால் முன்வரிசையில் இருந்து நாங்களே எழுந்து கேட்போம் என்று சொல்லுங்க தம்பி.

---

மேல்பிரிவு

சொல்லிப் பார்க்கிறேன் அண்ணே. அதுக்கு முன்னாடி அந்தக் கட்டடத்துச் சாவி யாரிடம் இருக்கு என்று கண்டுபிடிக்கணும்.